‘ஆள் பிடிக்கிறீர்கள்’ என்பவருக்கு நிதானமாக ஒரு பதில் காணொளி

தமிழ்க் கிறிஸ்தவ சேனல்களில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பது கிறிஸ்தவர்கள்தான். பிரசங்கம், பாடல், ஜெபம் என்று போகிற வரைக்கும் வெளியாட்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. சில சேனல்கள் மட்டும் வேறு மாதிரி. ஆலயத்துக்குள் ஞாயிறு காலை என்ன நடக்கிறது, லெந்து நாட்களில் ஏன் கல்யாணம் வைப்பதில்லை, திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எதற்கு என்று, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல விளக்குகிறார்கள். நான் அதிகம் மதிக்கிற வேலை இது. ஆனால் ‘மதம் மாற்றுகிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டு முதலில் வந்து விழுவதும் இவர்கள் மேல்தான், ஏனென்றால் வெளியாட்கள் உண்மையிலேயே பார்ப்பது இவர்களைத்தான்.

அப்படி ஒரு சேனலைப் புதிதாகத் தொடங்கியவர்கள் பதில் காணொளி எடுப்பது எப்படி என்பதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நோன்பையும் தொழுகையையும் விளக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து எழுதுவதால் உதாரணங்கள் சபை சார்ந்தவையாக இருக்கும்.

ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்வோம். தென்மாவட்டத்து ஊர் ஒன்று. மூன்று பேர், ஒரு போன், சட்டையில் மாட்டும் ஒரு மைக். ‘எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலை’ என்று ஆறு நிமிடக் காணொளி போடுகிறார்கள். கடைசியில் “நீங்களும் ஒருநாள் வாருங்கள்” என்கிறார்கள். கீழே விவரப் பகுதியில் ‘ஜெப உதவிக்கு அழைக்கவும்’ என்று ஒரு எண். ஒரு வாரத்தில் மூன்று விதமான பேச்சு வந்துவிடுகிறது. “வெளிநாட்டுப் பணத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை.” “விளக்கம் சொல்கிற மாதிரி சொல்லி மதம் மாற்றுகிறீர்கள்.” அப்புறம் மூன்றாவது: “என் அக்கா இந்த நம்பருக்குக் கூப்பிட்டாள், அதிலிருந்து விடாமல் போன் பண்ணுகிறார்கள்.”

முதலில் பிரித்துப் பாருங்கள்

இந்த மூன்றும் ஒரே குற்றச்சாட்டு இல்லை. முதலாவது பணத்தைப் பற்றியது. இரண்டாவது, நீங்கள் பேசுவதன் நோக்கத்தைப் பற்றியது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு காரியம். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மூன்றையும் ‘எதிர்ப்பு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, உபத்திரவம் வந்துவிட்டது என்று ஒரே காணொளியில் பொங்கிவிடுவது. அக்காவைப் பற்றி எழுதிய அந்தத் தம்பி சொன்னது உண்மையாக இருந்தால், நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் பொய்யாகத்தான் கேட்கும்.

அதனால் மூன்றாவதை முதலில் கையில் எடுங்கள், காணொளிக்கு வெளியே. அந்த எண்ணை யார் வைத்திருக்கிறார்? அழைத்தவரை எத்தனை முறை திரும்ப அழைத்தார்? அவர்கள் கேட்டுத்தான் அழைத்தாரா? போனை வாங்கி அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். அன்பினால் கூப்பிட்டேன் என்று உங்கள் ஆளே சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருமுறை ஜெபிக்கச் சொன்ன பெண்ணுக்கு வாரம் நான்கு அழைப்பு போயிருந்தால், எந்த எண்ணத்தோடு செய்தாலும் அது அழுத்தம்தான். குறை சொன்னவருக்குத் தனியாக எழுதுங்கள்: “விசாரித்தோம். இனி எங்கள் பக்கத்திலிருந்து அழைப்பு வராது. அக்காவின் எண்ணை அழித்துவிட்டோம்.” சொல்வதற்கு முன்னால் அழித்திருக்க வேண்டும்.

எந்தத் தனிமனிதரைப் பற்றியும் காணொளியில் பேசாதீர்கள், பெயர் சொல்லாமல்கூட. ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். காவல் நிலையத்தில் புகார் போயிருந்தாலோ, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்பந்தப்பட்டிருந்தாலோ காணொளியே வேண்டாம். நேரே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேமராவை எடுக்கும் முன் சேனலைப் பாருங்கள்

பதில் காணொளி வந்ததும், சந்தேகப்படுகிறவர் அடுத்ததாகச் செய்வது உங்கள் பழைய காணொளிகளைத் திறப்பதுதான். அவர் கண்ணால் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

அந்த ஜெப உதவி எண் அங்கே இருக்க வேண்டுமா? விளக்கக் காணொளியின் அடியில் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் தகவலுக்காக வந்திருக்கிறார். அவர் துயரத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் கைநீட்டுவது வேறு வேலை. அந்த வேலை செய்ய வேண்டியதுதான், ஆனால் வேறு இடத்தில், அதன் பெயரைச் சொல்லியே செய்யலாம். இங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். கேள்வி கேட்பவர் தானாக எழுதட்டும், நீங்கள் ஒருமுறை பதில் எழுதுங்கள், அவர் திரும்ப எழுதினால் மட்டும் தொடருங்கள்.

அடுத்து, சுகம் பெற்ற சாட்சிகள். ‘ஜெபித்தேன், ஆண்டவர் தைரியம் கொடுத்தார்’ என்பது ஒருவருடைய அனுபவம். ‘இந்த ஜெப எண்ணெயைப் பூசினால் கட்டி கரையும்’ என்பது வாக்குறுதி. மந்திரம், தாயத்து போல அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லப்படுபவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954 முதல் மத்தியச் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், நோயாளியின் பயத்தில் கைவைக்கிற பேச்சு அது. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஒரு வரி எங்காவது இருந்தால், எவ்வளவு பார்வை வந்த காணொளியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பிறகு பயம் காட்டும் வரிகள். நரகத்தைப் பற்றி உங்கள் சபை என்ன நம்புகிறது என்று கேட்டால் விளக்கலாம். “இதைக் கேட்டும் வராவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆகும்?” என்று பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டுவது மிரட்டல். அதேபோல, அடுத்தவர் கும்பிடும் தெய்வத்தைப் பிசாசு என்று சொல்லும் பழைய துண்டு ஒன்று இருந்தால், உங்கள் நிதானமான ஐந்து நிமிடத்தை அது ஒரே நொடியில் பொய்யாக்கிவிடும். கூட்டத்தில் யாரோ விருந்துப் பிரசங்கியார் பேசியதுதானே என்பது பதில் ஆகாது. உங்கள் சேனலில் இருந்தால் அது உங்கள் பேச்சு.

கடைசியாகப் பணம். காணிக்கைக்கான கியூஆர் கோடு போட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவர் அதில் நூறு ரூபாய் போட்டாலும் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்க முடியாது. இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் வராது. இந்த வித்தியாசம் பல சின்ன சேனல்களுக்குத் தெரியாது. மூன்று பேர் சொந்தச் செலவில் நடத்துகிறீர்கள் என்றால் அந்த கியூஆர் கோடை எடுத்துவிடுவதே நல்லது. “வெளிநாட்டுப் பணம்” என்ற பேச்சுக்கு அதைவிடச் சுலபமான பதில் இல்லை.

சட்டம், தேவையான அளவுக்கு

நம் ஆட்கள் உடனே 25ஆவது பிரிவைத் தூக்குவார்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது, உண்மைதான். ஆனால் 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் எல்லையையும் சொல்லியிருக்கிறது. பரப்புவது என்றால் தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது. எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இதை நிச்சயம் எடுத்து வைப்பார். பாதியை மட்டும் சொல்லி அவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அந்த வழக்கில் செல்லும் என்று தீர்ப்பான 1967ஆம் ஆண்டு ஒரிசா சட்டம், பலவந்தம் என்பதற்குள் தெய்வ கோபத்தைக் காட்டி மிரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. மேலே நான் சொன்ன விரல் நீட்டும் வரிகள் இங்கேதான் வருகின்றன. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பல மாநிலங்களில் இன்று அப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஆசை காட்டுதல் என்பதில் பரிசு, பணம் மட்டுமல்லாமல் மத அமைப்பு நடத்தும் நல்ல பள்ளியில் இலவசக் கல்வியையும், மேம்பட்ட வாழ்க்கை தருவதாகச் சொல்வதையும் சேர்க்கிறது. வெளிமாநிலத்துத் தமிழரும் உங்களைப் பார்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வதற்கு. காணொளியில் சட்டத்துக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். “எங்களுக்கு உரிமை இருக்கிறது” என்று தொடங்கிவிட்டால், அண்டை வீட்டாரோடு பேசுகிற குரல் போய் வழக்காடுகிற குரல் வந்துவிடும்.

எழுதுவது

ஐந்து நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் வரும், ஆகவே ஐந்நூறு சொல்லுக்குள் முடியுங்கள்.

முதல் வாக்கியத்திலேயே குற்றச்சாட்டை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே வாசியுங்கள். மென்மையாக்க வேண்டாம். ‘சிலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள்’ என்று மழுப்பினால், கேட்டவர் அங்கேயே போய்விடுவார். எழுதியவரின் பெயரைக் காட்டவும் வேண்டாம்.

அடுத்து வருவதுதான் கடினமான இடம். இங்கே ஆயத்தமாக ஒரு பதில் நாக்கில் நிற்கும்: “நாங்கள் யாரையும் மதம் மாற்றுவதில்லை.” சபையில் ஒருவருக்காவது ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் இதைச் சொல்லாதீர்கள். சபையின் முகநூல் பக்கத்தில் அந்தப் புகைப்படம் இருக்கும், அடுத்த நாளே அது உங்கள் காணொளியின் கீழே வரும். ‘இது மதமாற்றம் இல்லை, மனமாற்றம்’ என்ற பிரசித்தமான வரியும் வேண்டாம். உள்ளே இருப்பவருக்கு அதில் பொருள் உண்டு. வெளியே இருப்பவருக்கு வார்த்தை விளையாட்டாகத்தான் தெரியும்.

உண்மையைச் சொல்லுங்கள். நம் சேனலின் பதிலை நான் இப்படி எழுதுவேன்:

“‘விளக்கம் சொல்கிற மாதிரி மதம் மாற்றுகிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். அதற்கு நேரான பதில் சொல்கிறேன். எங்கள் நம்பிக்கை எங்களுக்கு அருமையானது. யாராவது அதைக் கேட்டு விசுவாசித்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தச் சேனலை அதற்கு ஒரு வாசலாக வைக்கவில்லை. இங்கே வருகிறவர் எங்கள் வழிபாட்டைப் புரிந்துகொண்டு தன் வழியில் போனால், எங்கள் வேலை முடிந்தது.

“யாராவது சபையில் சேர விரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், பெற்றோர் இல்லாமல் பேசவே மாட்டோம். பெரியவர் என்றால், குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து வகுப்புக்கு வரச் சொல்வோம். இடையில் வேண்டாம் என்று நின்றுவிட்டால் தேடிப் போக மாட்டோம். பணம், வேலை, பள்ளியில் இடம் எதுவும் இதில் கிடையாது. நோயில் வருகிறவரிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச மாட்டோம்.”

இந்த இரண்டாவது பத்திதான் காணொளியின் உயிர். இது அழகான வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை, நடைமுறையாக இருக்க வேண்டும். அதனால் எழுதும் முன் ஆயரிடமோ போதகரிடமோ உட்கார்ந்து, சபை உண்மையில் என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஆறு மாதம் என்பது நான் போட்ட கணக்கு. உங்கள் சபையின் வழக்கம் மூன்று மாதம் என்றால் மூன்று என்று சொல்லுங்கள். வழக்கமே இல்லை, கேட்ட வாரமே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதை. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து சாட்சி சொல்வதற்கான நடத்தை நெறிகளை வெளியிட்டன. மதம் மாறுவதற்கு முன் ஒருவருக்குச் சிந்திக்கப் போதிய காலம் வேண்டும், வறுமையையும் நோயையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, சுயாதீன சபைகள் யாரிடமும் அதை எடுத்துக் காட்டிப் பேசலாம்.

விட்டுவிட வேண்டியவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடுதான் இதைச் செய்கிறார்கள். “பள்ளிக்கூடம் கட்டியது யார், வேலூரில் ஆஸ்பத்திரி நடத்துவது யார், திருக்குறளை மொழிபெயர்த்த போப் யார்?” என்று பட்டியல் போடுவது. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அழுத்தம் கொடுக்கிறீர்களா என்று கேட்டவரிடம் நீங்கள் செய்த உதவியை எண்ணிக் காட்டினால், ‘வாங்கிக்கொண்டாயே, இப்போது கேள்வி கேட்கிறாயா?’ என்பதுபோலக் கேட்கிறது. அதைவிட மோசம், உதவியைக் காட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்பதுதானே அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். ‘அவர்கள் மட்டும் செய்யவில்லையா?’ என்று மற்ற மதத்தாரைச் சுட்டுவதும் அப்படித்தான், ஒரு நொடியில் காணொளி சண்டையாக மாறிவிடும்.

பணத்துக்கு ஒரு வாக்கியம்: “இந்தச் சேனலுக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை. போன் என்னுடையது, மைக் மூன்று பேரும் பகிர்ந்து வாங்கியது.” மூன்றாவது குற்றச்சாட்டுக்கு: “எங்களிடமிருந்து தொடர்ந்து அழைப்பு போனதாக ஒரு புகார் வந்தது. அது சரிதான். அந்த எண்ணை எடுத்துவிட்டோம். இனி நாங்களாக யாரையும் அழைக்க மாட்டோம். மீறி அழைப்பு வந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்.” முகவரி உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டாம். சபைச் செயலர் ஒருவரும் அதைப் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் மேல் வரும் புகாரை நீங்களே வாசித்து மூடினால் அது புகார் வழி ஆகாது.

எடுப்பது

பேசுகிறவர் வழக்கமாக அந்தச் சேனலில் பேசுகிறவராகவே இருக்கட்டும். ஆயர் அங்கியோடு வந்தால் அது அறிக்கை ஆகிவிடும்.

மதம் மாறிய ஒருவரைக் கொண்டுவந்து, ‘என்னை யாரும் வற்புறுத்தவில்லை’ என்று சொல்ல வைக்கும் யோசனை யாருக்காவது வரும். தயவுசெய்து வேண்டாம். கேமரா முன் சொல்ல வைத்ததே வற்புறுத்தல்தான் என்பார்கள். அதோடு, அவருடைய வீட்டாரும் வேலை செய்யும் இடத்தாரும் அதைப் பார்ப்பார்கள். அவர் பட்டியல் சாதியிலிருந்து வந்தவர் என்றால் விஷயம் இன்னும் கனமானது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றும் ஒருவர் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் சேனலின் பெயரைக் காப்பாற்ற அவருடைய சான்றிதழையும் பிள்ளைகளின் படிப்பையும் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

எப்போதும் எடுக்கும் இடத்திலேயே எடுங்கள், போனைக் கண் உயரத்தில் வைத்து. பின்னணி இசை வேண்டாம். சோக இசை போட்டால் அனுதாபம் கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். சபை எப்படிச் சேர்க்கிறது என்று சொல்லும் பகுதியை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும். அந்த இடத்தில் ஒரு வெட்டு இருந்தாலும், எதையோ மறைத்தார்கள் என்று பேச்சு வரும். தலைப்பு ‘மதம் மாற்றுகிறீர்களா என்ற கேள்விக்கு எங்கள் பதில்’ என்று இருந்தால் போதும். முகப்புப் படத்தில் சிவப்பு அம்புக்குறியும் ஆச்சரிய முகமும் போட்டுவிட்டு உள்ளே நிதானமாகப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

எடுத்ததை உடனே போடாமல், கிறிஸ்தவர் அல்லாத ஒரு நண்பரிடம் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்க வேண்டாம். ‘எந்த இடத்தில் உனக்கு நம்பிக்கை வரவில்லை?’ என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தை மட்டும் திருத்தி எடுங்கள்.

போட்ட பிறகு

திட்டுகிறவர்கள் திட்டத்தான் செய்வார்கள். அவர்களை மனம் மாற்றுவது இந்தக் காணொளியின் வேலை இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெரும்பான்மைக்குத்தான் இதை எடுத்தீர்கள். பலன் தெரிவது கேள்விகளின் தன்மையில். “ஆள் பிடிக்கிறீர்கள்” என்பது குறைந்து, “அந்த ஆறு மாத வகுப்பில் என்ன சொல்லித் தருவீர்கள்?”, “நடுவில் நின்றவர்கள் யாராவது உண்டா?” என்று வரத் தொடங்கினால் காணொளி சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. மாறாக, உங்கள் சபையார் மட்டுமே ‘ஆமென்’, ‘சூப்பர் பிரதர்’ என்று நிரப்பியிருந்தால், நீங்கள் உள்ளே இருப்பவர்களுக்காகத்தான் பேசியிருக்கிறீர்கள். அவர்களிடமே சொல்லிவிடுங்கள், இந்தக் காணொளிக்குக் கீழே யாருக்கும் பதில் எழுதவோ வசனம் ஒட்டவோ வேண்டாம் என்று. வெளியாள் ஒருவரைப் பத்து விசுவாசிகள் சூழ்ந்து பேசினால், அவர் சொன்ன அழுத்தத்தை அங்கேயே நிரூபித்தது போலாகும்.

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் நினைவுகூரும் வசனம் பேதுருவின் முதலாம் நிருபத்தில் இருக்கிறது: விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேட்கிறவருக்குத்தான் உத்தரவு. கேட்காதவரைத் துரத்தச் சொல்லவில்லை.

ஒரு பதில் காணொளி போதும். அதே குற்றச்சாட்டு திரும்ப வந்தால் அந்த இணைப்பையே கொடுங்கள், இரண்டாவது எடுக்க வேண்டாம். புதிய, குறிப்பான புகார் வந்தால் மட்டும் மறுபடி முதலிலிருந்து விசாரியுங்கள். மிரட்டல் வந்தால் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் கொடுங்கள், காணொளியில் காட்டாதீர்கள். சபையின் வழக்கம் எப்போதாவது மாறினால், காத்திருக்கும் காலம் குறைந்தாலோ வகுப்பு நின்றுபோனாலோ, அன்றைக்கே அந்தக் காணொளியின் விவரப் பகுதியில் தேதி போட்டு அதை எழுதிவிடுங்கள்.